வலது கீழ் மூலை

எடிட்டருக்கு ஒரு கொள்கை உண்டு. இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் இவனுக்கெல்லாம் கொள்கை வேறா என்று தோன்றும், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோவுக்குத் தம்ப்நெயில் செய்யும்போது, அதாவது ஆட்களை உள்ளே இழுக்கிற அந்த முகப்புப் படத்தைச் செய்யும்போது, வலது கீழ் மூலையில் முக்கியமான எதையும் வைக்கக் கூடாது. வீடியோ எவ்வளவு நேரம் ஓடும் என்று காட்டுகிற கறுப்புக் கட்டம் அங்கேதான் வந்து உட்காரும். அது நாம் வைப்பதில்லை, தளமே வைப்பது. நகர்த்த முடியாது, கெஞ்சினாலும் போகாது. பெரிய திரையில் அது இருப்பதே தெரியாது. அதே படம் போனில் சுருங்கி வரும்போது கட்டம் அந்த அளவுக்குச் சுருங்காமல் மூலையை முழுசாக அடைத்துக்கொள்ளும்.

அவன் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் ஒருவர், செருப்புக் கடை விளம்பரத்தில் செருப்பைக் கொண்டுபோய் அந்த மூலையில் வைத்துவிட்டார். "கடைக்காரர் செருப்பு விக்கிறாரா, மணி விக்கிறாரா?" என்று கேட்டு எடிட்டர் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டான். அவனுடைய மாதிரிக் கோப்பில் அந்த மூலையில் ஒரு சிவப்புக் கட்டம் தனி அடுக்காக எப்போதும் இருக்கும். நேரம் வரப்போகும் இடம் அது. படத்தை அதற்கு ஏற்றபடி வெட்டி, நகர்த்தி, கடைசியில் சிவப்பு அடுக்கை மறைத்துவிட்டுச் சேமிப்பான். இதில் மட்டும் அவனை யாரும் குறை சொல்ல முடியாது.

வீட்டில் ஒரு சேனல் நடந்தது. தையல் சேனல். முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மிஷின், நடுவில் துணி வெட்டும் மேசை, மேசைக்கு மேலே தலைகீழாகத் தொங்கும் கேமரா, எதிரே நிற்கும் இன்னொரு கேமரா, இரண்டு விளக்குகள். விளக்குகளைப் போட்டால் மின்விசிறியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அதன் சத்தம் ஒலியில் ஏறிவிடும். அதனால் படப்பிடிப்பு முடியும்போது எல்லாரும் வேர்த்து ஊற்றிக்கொண்டு நிற்பார்கள். பேசுவது எடிட்டரின் தங்கை. அவளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். காரணம் கேட்கவே வேண்டாம், அவளே சொல்லிவிடுவாள். தைப்பது எடிட்டரின் மனைவி. "அண்ணி, இப்ப அந்த மடிப்பைக் காட்டுங்க" என்று ரேடியோ சொல்லிச் சொல்லி, பார்க்கிறவர்களுக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். ஆனால் அண்ணியின் கைகளைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்ததில்லை.

அண்ணிக்குக் கீழுதட்டில் தொடங்கித் தாடை வரைக்கும் ஒரு வெள்ளைத் திட்டு. கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. முதலில் பொட்டளவு, பிறகு காசளவு, பிறகு இந்த அளவு. வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. டாக்டர் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் ஏதோ களிம்பு தடவினாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எடிட்டர் அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

போன மாதம் துணிக்கடையில் ஒரு பெண்மணி ரேடியோவை அடையாளம் கண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பேசி முடித்துப் போகும்போது அண்ணியிடம், "நீங்க இவங்களுக்குத் துணைக்கு வந்தீங்களா?" என்றாள். ரேடியோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, வாங்கிய துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அடுத்த வீடியோவில நானும் இருக்கேன். தம்ப்நெயில்லயும்."

"இத்தனை நாள் ஏன் அண்ணி கேக்கல?" என்றாள் ரேடியோ.

"இத்தனை நாள் தோணல. இப்ப தோணுது."

எடிட்டர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்றான்.

"ஒண்ணு சொல்லிடறேங்க. ஸ்டுடியோவில எல்லாருக்கும் செய்வீங்களே, அந்த மாதிரி எனக்குச் செய்யக் கூடாது. பூசாதீங்க. அழிக்காதீங்க. எப்படி இருக்கேனோ அப்படியே வரட்டும்."

"சரி. ஒரு புள்ளியக்கூடத் தொட மாட்டேன்" என்றான்.

இதுவரை பெரிய வீடியோ எதுவும் அவர்கள் செய்ததில்லை. இது காலர் வைத்த முழுச் சட்டை, முதல் வெட்டிலிருந்து கடைசிப் பட்டன் வரைக்கும். ஆரம்பத்தில் ரேடியோ அண்ணியின் தோளைப் பிடித்துக் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து, "இவ்வளவு நாளா கையை மட்டும் காட்டி உங்களை ஏமாத்திட்டிருந்தோம், இவங்கதான் எங்க அண்ணி, இந்தச் சேனலோட மூளை, நான் வாய் மட்டும்தான்" என்று அவிழ்த்துவிட்டாள். அண்ணி கையைக் கூப்பினாள். பேச வேண்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை மறந்துபோய், "சட்டை நல்லா வரும், பயப்படாம வெட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். அது போதும் என்று ரேடியோ கட்டிப்பிடித்துக்கொண்டாள். எடிட்டர் கேமராவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் எடுத்தான்.

முகப்புக்கான படத்தையும் அப்போதே எடுத்தார்கள். இடப்பக்கம் ரேடியோ சட்டையைத் தோளில் பிடித்து விரித்துக் காட்டுகிறாள். வலப்பக்கம் அண்ணி மிஷினில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறாள். நல்ல படம். வெளிச்சம் ஜன்னலிலிருந்து அழகாக விழுந்திருந்தது. அண்ணி சிரித்திருந்தாள்.

மறுநாள் காலை, விடுமுறை. அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எடிட்டர் உட்கார்ந்தான். காபி ஆறிக்கொண்டிருந்தது. ஸ்டுடியோவில் எல்லாரும் வீடியோவைத் திறக்காவிட்டாலும் முகப்புப் படத்தைப் பார்ப்பார்கள். மூலையில் செருப்பு வைத்தவர் கட்டாயம் பார்ப்பார். கமெண்டில் எவனாவது எதையாவது எழுதித் தொலைப்பான், அவள் அதைப் படித்துவிட்டு மிஷினை மூடி வைத்துவிடுவாள். அவளுக்காகத்தான் யோசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டான். உள்ளது என்னவென்றால், அவனுக்கு வெட்கமாக இருந்தது. மனைவியின் தாடையை நினைத்து வெட்கம். அப்படி வெட்கப்படுகிறோமே என்பதை நினைக்க இன்னும் வெட்கமாக இருந்ததால் அதை நினைக்காமல் விட்டான்.

பூசி அழிக்கிற தூரிகைக் கருவியைத் தொடவில்லை. சொன்ன சொல் சொன்ன சொல்தான். படத்தைப் பெரிதாக்கினான், அவ்வளவுதான். பெரிதாக்கினால் ஓரங்கள் வெளியே போகும். மிஷின் கீழே போயிற்று, அண்ணியின் கைகள் போயின, கழுத்து போயிற்று. படத்தின் கீழ் விளிம்பு அவள் தாடையை ஒட்டியே நின்றது. வலது விளிம்பு காதை ஒட்டி. மறைந்திருந்த சிவப்புக் கட்டத்தைத் திரையில் வரவழைத்தான். அது அவள் உதட்டிலிருந்து தாடை வரைக்கும் கச்சிதமாக மூடிக்கொண்டது. இத்தனை வருஷமும் அந்தக் கட்டத்துக்குக் கீழே எதுவும் போய்விடாமல் பார்த்துக்கொண்டவன், முதல் தடவையாக ஒன்றைப் பார்த்துப் பார்த்து அதற்குக் கீழே வைத்தான்.

பிறகு சிவப்பு அடுக்கை மறைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். முழு முகமும் இருந்தது. திட்டும் இருந்தது, தொடாமல், அப்படியே.

"ரொம்பக் கிட்டக்க வந்துட்டேனோ?"

"முகம் தெரியணும்ல" என்றான் எடிட்டர்.

அண்ணி அவன் தோளில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். அந்த இடம் வெகுநேரம் அவனுக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

வீடியோ வெளியானதும் அண்ணி அதன் இணைப்பைத் தன் அம்மாவுக்கும், தம்பிக்கும், பள்ளிக்கூடத்துத் தோழிக்கும் அனுப்பினாள். செய்தியில் இணைப்பை அனுப்பும்போது படம் மட்டும் போகும், நேரக் கட்டம் அதில் வராது. அதனால் அவள் போனில் முகம் முழுசாகவே தெரிந்தது. அம்மா போன் செய்து அழுதாள். தோழி இதயமாக அனுப்பினாள். தம்பிதான் சேனலுக்கே போய்ப் பார்த்திருக்கிறான். அங்கே கண்டதைத் திரையோடு படம்பிடித்து அனுப்பி, கீழே எழுதியிருந்தான்: "அக்கா, உன் வாயில என்ன மணி அடிக்குது?"

அண்ணி, மாவு பிசைந்த கையோடு போனை முழங்கையால் நகர்த்தி நகர்த்தி அதைப் பார்த்தாள். நெற்றி, கண், மூக்கு. அதற்குக் கீழே கறுப்பாக ஒரு மணி நேரம் மூன்று நிமிடம் சொச்சம். ரேடியோ பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஐயோ அண்ணி! கட்டம் உங்க மேலயே ஏறிடுச்சே!" என்று கத்தினாள். அடுத்த அறையில் எடிட்டர் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தவன் மாதிரி நிமிர்ந்தான்.

"என்ன அண்ணா இது? அந்த மூலைன்னா உனக்குத் தூக்கத்துல கூடத் தெரியுமே?"

பதில் அவன் வாயில் தயாராக இருந்தது. அதுதான் கொடுமை. "வீடியோ ஒரு மணி நேரத்தைத் தாண்டிடுச்சுல்ல. மணிக்குன்னு ஒரு எண் கூட வரும். கட்டம் அகலமாயிடும். நான் வழக்கமான அளவுக்குத்தான் இடம் விட்டேன். இவ்வளவு நீளமா நாம செஞ்சதே இல்லையே, கவனிக்கல."

சொன்னதில் பாதி உண்மை. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கட்டம் அகலமாகத்தான் செய்யும். ஆனால் சின்னக் கட்டமாக இருந்தாலும் அந்தத் தாடை அதற்குக் கீழேதான் இருந்திருக்கும் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். முழுப் பொய்யைவிட இந்த மாதிரிப் பாதி உண்மை நன்றாக விலைபோகும். அண்ணி உடனே வாங்கிக்கொண்டாள். சிறிது நேரத்தில் அவள் தன் அம்மாவிடம் போனில் பேசுவது எடிட்டருக்குக் கேட்டது.

"இல்லம்மா, அவர் மேல தப்பில்ல. ஒரு மணி நேரத்தைத் தாண்டினா அந்தக் கட்டம் அகலமாயிடுமாம். பாவம், ராத்திரி பகலா அவர்தான் எல்லாத்தையும் பார்க்கிறார், ஒரு தடவை தவறிடுச்சு. தம்பிகிட்ட சொல்லி வை, கிண்டல் பண்ண வேணாம்னு."

எடிட்டர் எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றான். முகம் கழுவலாம் என்று போனவன் முகத்தைக் கழுவவில்லை. குழாய்க்கு மேலே இருந்த கண்ணாடியில் அவன் தாடை நன்றாகத்தான் இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு சின்னக் கயமைத்தனம், அவ்வளவுதான். வேறு படத்தை வைத்துவிட்டால் போயிற்று. ஆனால் ரேடியோவுக்கு ஒரு பயம் உண்டு. ஒரு தடவை ஓடிக்கொண்டிருந்த வீடியோவுக்குப் படத்தை மாற்றப் போய், அது அன்றோடு படுத்துவிட்டது. அதிலிருந்து ஓடுகிற வீடியோவின் படத்தை மாற்றுவது அவளுக்கு ஆகாத காரியம். இது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"படத்தைத் தொடாதே. இடம் வலமா திருப்பிப் போடலாம்னும் பார்க்காதே, சட்டையில பட்டன் பக்கம் மாறிடும், ஊரே சிரிக்கும்" என்றாள். பிறகு அவளே துள்ளி எழுந்தாள். "அண்ணா, வீடியோவை ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்துட்டா கட்டம் சின்னதாயிடும்ல?"

"ஆகும்" என்றான். அது உண்மை.

"அப்ப அண்ணி முகம் வந்துடும்ல?"

எடிட்டர் தலையை ஆட்டினான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு ஆட்டல்.

போட்ட வீடியோவிலேயே ஒரு பகுதியை வெட்டி எடுக்கத் தளத்தில் வசதி இருக்கிறது. மூவரும் லேப்டாப் முன் உட்கார்ந்தார்கள். நாலு நிமிடம் போல எடுக்க வேண்டும். எங்கே எடுப்பது? காலரை எடுத்தால் சட்டைக்குக் கழுத்தில்லை. கை இணைப்பை எடுத்தால் பார்க்கிறவர்கள் திட்டுவார்கள். பட்டன் ஓட்டையையாவது சுருக்கலாமா என்று ரேடியோ கேட்டதற்கு, அங்கேதான் எல்லாரும் தப்பு செய்வார்கள் என்று அண்ணி மறுத்துவிட்டாள். சட்டையில் சேராதது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"முன்னால பேசினோமே, அதை எடுத்துடுங்க" என்றாள் அண்ணி.

"அண்ணி! அது உங்க அறிமுகம்! அதுலதான் நீங்களே பேசுறீங்க!"

"என்ன பெருசா பேசினேன், எல்லாம் மறந்துபோச்சு. படத்துல முகம் இருந்தா போதும். வீடியோவைத் திறக்காதவங்களும் படத்தைப் பார்ப்பாங்கல்ல?"

ரேடியோ அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நான் பேசினதும் போகட்டும், என்ன குறைஞ்சு போச்சு" என்று மூக்கை உறிஞ்சினாள். தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைக்கூட வெட்ட விடாமல் அண்ணனோடு வாரா வாரம் சண்டை பிடிக்கிறவள் அவள்.

எடிட்டரின் விரல் மவுஸ் மேல் இருந்தது. இப்போது சொல்லியிருக்கலாம். வெட்டினாலும் பயனில்லை, கட்டம் சுருங்கினாலும் தாடை தெரியாது, நான்தான் அங்கே வைத்தேன் என்று மூன்று வாக்கியம். திரையில் ரேடியோ அண்ணியின் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள், அண்ணி கையைக் கூப்பினாள், பயப்படாம வெட்டுங்க என்றாள். எடிட்டர் வெட்டினான்.

சேமித்ததும், மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது, முடியச் சில மணி நேரம் ஆகலாம் என்று தளம் சொன்னது. அதுவரை பழைய வீடியோதான் ஓடும், பழைய நேரம்தான் கட்டத்தில் இருக்கும். எடிட்டர் ஸ்டுடியோவுக்குக் கிளம்பினான். வாசல் வரை வந்து, "சாயங்காலம் பார்த்துடலாம்ல?" என்றாள் அண்ணி. பார்த்துடலாம் என்றான்.

ஸ்டுடியோவில் அவனுக்கு வேலை ஓடவில்லை. மனசாட்சி குத்தியது என்று சொன்னால் அவனுக்கு நான் நற்சாட்சி கொடுத்த மாதிரி ஆகிவிடும். பயம்தான். சாயங்காலம் கட்டம் சுருங்கும், தாடை அப்போதும் மூடியே இருக்கும், ரேடியோ சும்மா விட மாட்டாள். யோசித்து யோசித்து அவனுக்கு ஒரு வழி தோன்றியது. லேப்டாப்பைத் திறந்து அதே புகைப்படத்தை மறுபடி எடுத்தான். இந்த முறை பெரிதாக்காமல் விட்டான். ரேடியோ, சட்டை, மிஷின், மிஷினில் அண்ணி. மூலையில் மிஷினின் மேசைக்கால் மட்டும் வரும்படி நகர்த்தினான். சிவப்புக் கட்டம் மேசைக்காலை மூடியது, வேறெதையும் மூடவில்லை. கொள்கைப்படி ஒழுங்கான வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. சாயங்காலம் நேரம் சுருங்கியிருக்கும், முகமும் தெரியும், வெட்டியதால்தான் சரியாயிற்று என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள், படம் கொஞ்சம் தள்ளித் தெரிவதை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஏற்றிவிட்டான். அப்பாடா என்று டீ குடிக்கப் போனான்.

அவன் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. வீடியோவை வெட்டினால் மாறச் சில மணி நேரம் ஆகும். படத்தை மாற்றினால் கொஞ்ச நேரத்திலேயே மாறிவிடும்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது முன்னறை விளக்குகள் அணைந்திருந்தன. மிஷின் மூடியிருந்தது. துணி வெட்டும் மேசையின் இரு பக்கமும் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அண்ணியின் போன்.

"வந்துடுச்சு அண்ணா" என்றாள் ரேடியோ. "அண்ணி முகம் வந்துடுச்சு. மத்தியானமே வந்துடுச்சு. நான்தான் முதல்ல பார்த்தேன், குதிச்சேன். அண்ணியைத் தூக்கிச் சுத்தினேன். அப்புறம்தான் நேரத்தைப் பார்த்தேன்."

போனை அவன் பக்கம் திருப்பினாள். மூலையில் மேசைக்காலின் மேல் கறுப்புக் கட்டம் உட்கார்ந்திருந்தது. அதில் இன்னும் ஒரு மணி நேரம் மூன்று நிமிடம் சொச்சம். அதே அகலம். அதற்கு மேலே அண்ணி, தாடையும் திட்டும் சிரிப்புமாக, முழுசாக.

"கட்டம் சின்னதாகவே இல்ல" என்றாள் ரேடியோ. "ஆனா முகம் வந்துடுச்சு. எப்படி அண்ணா?"

எடிட்டர் தோள்பையைக் கழற்றாமல் நின்றான்.

"வீடியோவை வெட்டலாம்னு நான் சொன்னது, அகலமான கட்டம்தான் காரணம்னு நீ சொன்னதை நம்பித்தானே? இவ்வளவுதான் வேலைன்னா முதல்லயே செஞ்சிருக்கலாமே. படத்துல ரெண்டு முகம் வேணாம்னு நினைச்சியா? வேணாம்னா என்னைத் தூக்கியிருக்கலாமே. என் மூஞ்சியத்தான் எல்லாரும் பார்த்துச் சலிச்சாச்சே." போனைக் கவிழ்த்து வைத்தாள். "அந்தப் பேச்சை வெட்டினோமே அண்ணா. நீதானே வெட்டின."

"திரும்ப வைக்கலாம்" என்றான் அவசரமாக. "பழையபடி ஆக்க ஒரு பட்டன் இருக்கு. எதுவும் அழியாது."

"நானே அமுக்கிக்கறேன். நீ தொடாதே." ரேடியோ அவன் தோள்பையிலிருந்து லேப்டாப்பை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணி மேசையின் மேல் கிடந்த துணித் துணுக்கு ஒன்றை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"முதல் படத்துல மிஷினே இல்ல. கையும் இல்ல. தையல் சேனல்ல இப்படி ஏன் வெட்டினாருன்னு அப்பவே ஒரு நிமிஷம் தோணுச்சு. முகம் தெரியணும்னு சொன்னீங்களா, சந்தோஷத்துல விட்டுட்டேன்."

"நான்..."

"பூசாதீங்கன்னு சொன்னேன், பூசல. அழிக்காதீங்கன்னு சொன்னேன், அழிக்கல. சொன்ன வாக்கை அப்படியே காப்பாத்தியிருக்கீங்க."

கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "யாராவது உன்னை ஏதாவது எழுதிடுவாங்களோன்னுதான்..." என்றான்.

"யாரு?"

"பார்க்கறவங்க."

"படத்தை வெட்டினப்ப அவங்க யாரும் பார்க்கவே இல்லையேங்க. நீங்க மட்டும்தானே பார்த்தீங்க?"

அவனுக்குக் காது மடல் வரை சுட்டது. அம்மாவிடம் அவள் போனில் பேசியது நினைவுக்கு வந்தது. அவர் மேல தப்பில்ல, பாவம். அந்தச் சொற்களை எப்படியாவது அவள் வாயில் திருப்பி வைத்துவிட முடியாதா என்றிருந்தது.

அண்ணி போனை எடுத்துக் கீழே தள்ளி, கமெண்டுகளைக் காட்டினாள். காலர் பற்றிக் கேள்விகள். ரேடியோவின் தோடு பற்றி ஒருத்தி. யாரோ ஒருவர் புதிதாக எழுதியிருந்தார்: "மிஷின்ல உட்கார்ந்திருக்கறவங்கதான் அண்ணியா? தாடையில என்ன, ஏதாவது பட்டுடுச்சா?" அவ்வளவுதான். அவன் பயந்து ஒளித்தது இந்த ஒரு வரிக்கு.

"பதில் எழுதுங்க" என்றாள்.

"நானா?"

"சேனல் பேர்ல நீங்கதானே எப்பவும் எழுதுவீங்க."

உட்கார்ந்தான். "ஆமா, இவங்கதான் அண்ணி" என்று அடித்தான். அவனுக்கு அவள் அண்ணி இல்லையே என்று அதை அழித்து, "என் மனைவி" என்று அடித்தான். அதற்கு மேல் விரல் போகவில்லை. அந்தத் திட்டின் பெயரை அவன் இதுவரை எழுதியதும் இல்லை, சொன்னதும் இல்லை. டாக்டர் அறையில்கூட, "அந்த இது" என்றுதான் சொன்னான். உள்ளறையிலிருந்து லேப்டாப்பில் ரேடியோவின் பழைய குரல் கேட்டது: இவ்வளவு நாளா கையை மட்டும் காட்டி உங்களை ஏமாத்திட்டிருந்தோம்.

வெண்புள்ளி, என்று அடித்தான். வலிக்காது, ஒட்டாது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அனுப்பினான்.

"சரியா இருக்கா?" என்று கேட்டு நிமிர்ந்தான்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள் அண்ணி. பிறகு, கோபமே இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்: "இது வந்ததிலிருந்து நீங்க என் நெத்தியைப் பார்த்துத்தான் பேசுறீங்க. தெரியுமா உங்களுக்கு?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அப்போதும் அவன் கண்கள் அவள் நெற்றியில்தான் இருந்தன. கீழே இறக்கப் பார்த்தான். மூக்கு வரை வந்தது, அதற்குமேல் முடியாமல் பார்வை தரைக்குப் போய்விட்டது. அண்ணி எழுந்து, மிஷின் உறையை எடுத்துவிட்டு, ஊசியில் நூல் கோர்க்கத் தொடங்கினாள்.